கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம்: தவறான விடைகள் எங்கிருந்து வருகின்றன?

திருவனந்தபுரம் பட்டத்தில் தலைமையகம் வைத்திருக்கும் கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் நடத்தும் நர்ஸ் தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் தரப்படும். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கால்குலேட்டர் கிடையாது. டோஸ் கணக்கு ஒன்று வந்தால், பெரும்பாலான மாணவர்கள் வேகமாகப் பெருக்கி வகுத்து ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த எண் நான்கு விடைகளில் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வட்டத்தைக் கறுப்பாக்கிவிடுகிறார்கள்.

மோசம் போவது அங்கேதான். டோஸ் கேள்வியைத் தயாரிப்பவர் தவறான விடைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. மாணவர் எந்தப் படியில் சறுக்குவார் என்று அவருக்குத் தெரியும். சறுக்கினால் என்ன எண் வருமோ, அதையே விடையாக வைக்கிறார். ஆகவே உங்கள் எண் பட்டியலில் இருப்பது எதற்கும் சாட்சி ஆகாது. ஒவ்வொரு தவறான விடையும் எந்தச் சறுக்கலின் பிள்ளை என்று அடையாளம் காணப் பழகுவதே இந்த அத்தியாயத்தின் வேலை. கீழே வரும் கேள்விகள் எல்லாம் தேர்வு பாணியில் நான் அமைத்தவை. கணக்கு வரிகளில் மட்டும் அலகுகளை வினாத்தாளில் அச்சாகும் வடிவத்திலேயே எழுதியிருக்கிறேன்.

ஒரு காய்ச்சல் கேள்வி

12 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் எழுதப்பட்டிருக்கிறது. கையில் இருக்கும் சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளது. ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.? விடைகள்: 0.3, 1.5, 3.3, 7.5.

எண்களை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு எண்ணின் பின்னாலும் அதன் அலகை எழுதுங்கள்.

```
15 mg/kg × 12 kg = 180 mg
180 mg × (5 mL / 120 mg) = 7.5 mL
```

முதல் வரியில் கிலோ மேலும் கீழும் வந்து அடிபட்டுப் போகிறது, மில்லிகிராம் மிஞ்சுகிறது. இரண்டாம் வரியில் மில்லிகிராம் அடிபடுகிறது, மில்லிலிட்டர் மிஞ்சுகிறது. கேள்வி கேட்டதும் மில்லிலிட்டர்தான். விடை 7.5.

மற்ற மூன்றையும் பாருங்கள். 1.5 என்பது 180-ஐ 120-ஆல் வகுத்ததோடு நின்றுவிட்டவரின் விடை. அலகுகளோடு எழுதியிருந்தால் மில்லிகிராமை மில்லிகிராமால் வகுத்ததில் ஓர் அலகும் மிஞ்சவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். அந்த 1.5-க்கு ‘ஐந்து மில்லியில் ஒன்றரை மடங்கு’ என்றுதான் பொருள். 0.3 அதற்கு அடுத்த சறுக்கல்: ஐந்து எங்கோ வர வேண்டும் என்று நினைவு வந்து, பெருக்குவதற்குப் பதிலாக வகுத்ததால் வந்தது. இதையும் அலகு காட்டிக்கொடுக்கும்.

3.3 கொஞ்சம் தந்திரமானது. 120-ஐ 180-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் அது வரும். பின்னம் தலைகீழாகிவிட்டது. ஆனால் அலகுகளை எழுதிப் பார்த்தால், மில்லிகிராம் மில்லிகிராமோடு அடிபட்டு மில்லிலிட்டர் ஒழுங்காகவே மிஞ்சுகிறது! அலகுச் சோதனை இந்தத் தவறைப் பிடிக்காது. ‘அலகு சரியாக வந்தால் விடையும் சரி’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுப்பதை நான் முழுதாக ஏற்காததற்கு இதுவே காரணம். அலகு சரியாக வராவிட்டால் விடை நிச்சயம் தவறு. அலகு சரியாக வந்தால், இன்னும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது.

அந்தச் சோதனை, விடையிலிருந்து பின்னோக்கி நடப்பது. இந்த சிரப்பில் ஒரு மில்லியில் 24 மி.கி. இருக்கிறது. 3.3 மில்லி கொடுத்தால் சுமார் 80 மி.கி. உள்ளே போகும். 80-ஐ 12 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஏழு மி.கி.கூட இல்லை, டாக்டர் எழுதியதோ 15. விடை விழுந்துவிட்டது. 7.5-ஐப் போட்டுப் பாருங்கள்: 7.5-ஐ 24-ஆல் பெருக்க 180, அதை 12-ஆல் வகுக்க 15. ஆர்டரில் இருந்த எண்ணே திரும்பி வந்துவிட்டது. முன்னோக்கிப் போட்ட அதே கணக்கை மறுபடி போட்டுச் சரிபார்ப்பதில் பயன் குறைவு, அதே இடத்தில் அதே சறுக்கல் மறுபடி நடக்கும். பின்னோக்கிப் போகும்போது பாதை வேறு.

இதைவிடச் சோம்பேறித்தனமான வழி ஒன்றும் உண்டு, தேர்வு அறையில் அதுதான் அதிகம் உதவுகிறது. வேண்டியது 180 மி.கி. ஐந்து மில்லியில் இருப்பது 120. அப்படியானால் ஐந்து மில்லி போதாது, பத்து மில்லி அதிகம். விடை ஐந்துக்கும் பத்துக்கும் நடுவில். பட்டியலில் அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. எழுதுகோலை எடுப்பதற்கு முன்பே மூன்று விடைகள் போய்விட்டன.

இந்த மதிப்பீட்டுக்கு மதிப்பெண் கணக்கிலும் ஒரு பலன் இருக்கிறது. நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால், கழிவையும் சேர்த்துப் பார்க்கையில் சராசரி லாபம் பூஜ்யம். ஒரே ஒரு விடையை உறுதியாக நீக்கிவிட்டு மீதி மூன்றில் ஊகித்தால்கூட சராசரி லாபத்தின் பக்கம் சாய்கிறது. கணக்கை முடிக்க நேரம் இல்லாதபோது, நடக்கவே முடியாத விடைகளை அடித்துவிட்டுப் போங்கள்.

அதே மருந்து, மூன்று பாட்டில்

திருவனந்தபுரம் மெடிக்கல் கல்லூரி வளாகத்தில் இருக்கும் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனையை நகரத்தில் எல்லோரும் எஸ்.ஏ.டி. என்றே சொல்வார்கள். தாய்சேய் சிகிச்சைக்கான அரசு மருத்துவமனை அது. அதைச் சுற்றி இருக்கும் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் நின்று குழந்தைகளுக்கான பாராசிட்டமால் பாட்டில்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நாகர்கோவிலிலும் இதே சரக்குதான். ஐந்து மில்லியில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப் ஒன்று. ஐந்து மில்லியில் 250 மி.கி. உள்ள சிரப் ஒன்று. சிறிய பாட்டிலில், சொட்டுக்குழாயோடு வரும் டிராப்ஸ் ஒன்று. அதில் ஒரே மில்லியில் 100 மி.கி.

லேபிளில் இந்த விவரம் பொடி எழுத்தில் இருக்கும். சிரப்பில் ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும்’ என்று தொடங்கும், டிராப்ஸில் ‘ஒவ்வொரு மி.லி.யிலும்’ என்று தொடங்கும். கண் அடுத்து இருக்கும் பெரிய எண்ணுக்கு ஓடிவிடுகிறது, இந்தத் தொடக்கத்தில் நிற்பதில்லை. 250 என்ற எண்ணும் 100 என்ற எண்ணும் பக்கத்தில் இருந்தால் 250 உள்ளதே வீரியமான மருந்து என்று தோன்றும். உண்மையில் அந்த சிரப்பில் ஒரு மில்லிக்கு 50 மி.கி.தான். டிராப்ஸ் அதைப் போல இரண்டு மடங்கு.

நம் 12 கிலோ குழந்தைக்கு வேண்டிய 180 மி.கி., முதல் சிரப்பில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி, டிராப்ஸில் 1.8 மில்லி. சிரப்புக்குக் கணக்கிட்ட 7.5 மில்லியை யாராவது டிராப்ஸ் பாட்டிலிலிருந்து ஊற்றினால் 750 மி.கி. போய்விடும், கிலோவுக்கு 62.5. கிலோவுக்கு 15 வீதம் நான்கு வேளை, ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 60 என்பதுதான் வழக்கமான வரம்பு. ஒரு நாளின் மொத்தத்தைவிட அதிகம் ஒரே வாயில்.

இதனால் கேள்வியில் மருந்தின் ஸ்ட்ரெங்த்தைப் படித்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம், அதை ஒரு மில்லிக்கு மாற்றி ஓரத்தில் எழுதிக்கொள்வது. 120/5 என்றால் 24. 250/5 என்றால் 50. அதன் பிறகு ‘அந்த ஐந்து எங்கே போனது’ என்ற குழப்பமே வராது.

வேளைக்கா, நாளுக்கா?

15 கிலோ குழந்தைக்கு அமாக்சிசிலின், ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 40 மி.கி., எட்டு மணிக்கொருமுறை பிரித்துக் கொடுக்க வேண்டும். சஸ்பென்ஷன் 5 மி.லி.யில் 125 மி.கி. ஒரு வேளைக்கு எத்தனை மி.லி.? விடைகள்: 3, 8, 12, 24.

“மேடம், எட்டு மணிக்கொருமுறைன்னா எட்டால வகுக்கணுமா, மூணால வகுக்கணுமா?” என்று மார்த்தாண்டத்திலிருந்து படிக்க வந்த ஒரு பெண் வகுப்பில் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் பயிற்சித் தேர்வுத் தாள்களைத் திருத்தினால், சிரித்தவர்களிலும் சிலர் எட்டால் வகுத்திருப்பது தெரியும். அவசரத்தில் தாளில் தெரியும் எண்ணையே கை எடுத்துக்கொள்கிறது. மூன்று என்ற எண் கேள்வியில் எங்குமே இல்லை, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

```
24 hr/day ÷ 8 hr/dose = 3 dose/day
40 mg/kg/day × 15 kg = 600 mg/day
600 mg/day ÷ 3 dose/day = 200 mg/dose
200 mg/dose ÷ 25 mg/mL = 8 mL/dose
```

‘நாள்’, ‘வேளை’ இரண்டையும் அலகாகவே கருதி, இப்படிக் கடைசி வரை இழுத்துக்கொண்டு வாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் மில்லிகிராமுக்கும் கிலோவுக்கும் அலகு எழுதுகிறார்கள், ‘ஒரு நாளைக்கு’ என்பதை மட்டும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். விட்டால் 600 மி.கி.யை நேரே மில்லிலிட்டராக்கி 24 என்று குறிப்பார்கள். அந்த 24 தவறான எண் அல்ல, அது ஒரு நாளின் மொத்தம். கேட்கப்பட்டது ஒரு வேளை. எட்டால் வகுத்தவருக்கு 75 மி.கி., அதாவது 3 மில்லி கிடைக்கும். எட்டு மணிக்கொருமுறையை இரண்டு வேளை என்று எடுத்துக்கொண்டவருக்கு 12 மில்லி. பாருங்கள், நான்கு விடைக்கும் நான்கு பெற்றோர்.

பின்னோக்கி: 8 மில்லியில் 200 மி.கி., மூன்று வேளைக்கு 600, அதை 15 கிலோவால் வகுத்தால் 40. ஆர்டர் திரும்பி வந்தது.

கேள்வி ஆங்கிலத்தில் வரும்போது இந்த இடத்தில் இன்னும் ஒரு சிக்கல். ‘பிரித்துக் கொடுக்க’ என்று பொருள்படும் சொல் இருந்தால் முன்னால் உள்ள அளவு நாள் முழுவதற்கும் உரியது. அந்தச் சொல் இல்லாமல், கிலோவுக்கு இத்தனை, எட்டு மணிக்கொருமுறை என்று மட்டும் இருந்தால் அது ஒரு வேளைக்கு உரியது, வகுக்கக் கூடாது. அதனால் எண்களைத் தொடுவதற்கு முன் இந்த ஒரு சொல்லைத் தேடி, இருந்தால் அடிக்கோடு போடுங்கள். பாராசிட்டமால் கேள்வியில் அது இல்லை, அங்கே நாம் வகுக்கவும் இல்லை.

கிராமில் எடை, புள்ளியில் விடை

பச்சிளம் குழந்தைகளின் எடை கிராமில் எழுதப்படும். 2,400 கிராம் எடையுள்ள குழந்தைக்கு ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி., நாளுக்கு ஒருமுறை. ஆம்பியூலில் 2 மி.லி.யில் 80 மி.கி. எத்தனை மி.லி. எடுக்க வேண்டும்? விடைகள்: 0.15, 0.3, 0.6, 3.

```
2400 g ÷ 1000 g/kg = 2.4 kg
5 mg/kg × 2.4 kg = 12 mg
80 mg / 2 mL = 40 mg/mL
12 mg ÷ 40 mg/mL = 0.3 mL
```

அலகு மாற்றத்தில் பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகம் வந்தால் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அலகு பெரிதானால் எண் சிறுக்க வேண்டும், அலகு சிறிதானால் எண் பெருக வேண்டும். கிராமிலிருந்து கிலோவுக்குப் போனோம், அலகு ஆயிரம் மடங்கு பெரிது, எண் 2,400-லிருந்து 2.4 ஆனது. மில்லிகிராமிலிருந்து மைக்ரோகிராமுக்குப் போனால் இதற்கு நேர்மாறு. மனப்பாட அட்டவணைகளைவிட இந்த ஒரு கேள்வியை நான் நம்புகிறேன், பதற்றத்தில் அட்டவணை மறந்துபோகும்.

மாற்றிய எண்ணை ஒரு மனிதரோடு ஒட்டிப் பாருங்கள். பிறந்த குழந்தை 2.4 கிலோ இருக்கும். 24 கிலோ இருந்தால் அது பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. 0.24 கிலோ என்றால் கால் கிலோ. பத்து மடங்குத் தவறு இந்த இடத்திலேயே பிடிபட்டுவிட வேண்டும். பிடிபடாமல் 24 கிலோ என்று போனவருக்குத்தான் 3 மில்லி காத்திருக்கிறது. 3 மில்லி என்றால் 120 மி.கி., இரண்டு மில்லி ஆம்பியூல் ஒன்று போதாமல் இரண்டாவதையும் உடைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஒரு வேளை மருந்துக்காக ஒன்றுக்கு மேல் ஆம்பியூல் உடைக்க வேண்டி வந்தால், வார்டிலும் சரி தேர்விலும் சரி, நின்று கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். ஜென்டாமைசின் அளவு மீறினால் பாதிக்கப்படுவது சிறுநீரகமும் காதும்.

0.15 என்பது ‘2 மில்லியில் 80’ என்பதை ‘ஒரு மில்லியில் 80’ என்று படித்தவரின் விடை. 0.6 என்பது ஒரு மில்லிக்கு 40 என்று சரியாக மாற்றிவிட்டு, பிறகு பழக்கதோஷத்தில் மறுபடியும் இரண்டால் பெருக்கியவரின் விடை. இந்த இரண்டும் உண்மை விடைக்கு இரண்டு மடங்கு தூரத்தில்தான் இருக்கின்றன, ஆகவே உத்தேச மதிப்பீடு இங்கே அவ்வளவு உதவாது. பின்னோக்கி நடந்தால் 0.15-லிருந்து கிலோவுக்கு 2.5-ம், 0.6-லிருந்து 10-ம் வரும்.

எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போட வேண்டும், 0.3 என்று. வெறும் புள்ளியோடு எழுதினால் புள்ளி மங்கி 3 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது. 3.0 என்பதில் புள்ளி தெரியாமல்போனால் 30. இடையில் எங்கும் எண்ணை முழுமையாக்காதீர்கள், கடைசி வரியில் மட்டும், கேள்வி கேட்ட அளவுக்கு முழுமையாக்குங்கள்.

நான்கு அலகு ஒரே வரியில்

தீவிர சிகிச்சைப் பிரிவுக் கேள்விகளில் நிமிடமும் மைக்ரோகிராமும் சேர்ந்துகொள்கின்றன. 10 கிலோ குழந்தைக்கு டோபமைன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம். 50 மி.லி. சிரிஞ்சில் 60 மி.கி. கலந்திருக்கிறது. சிரிஞ்ச் பம்ப்பை மணிக்கு எத்தனை மி.லி. என்று வைக்க வேண்டும்? விடைகள்: 0.04, 0.25, 2.5, 2500.

பம்ப் புரிந்துகொள்ளும் மொழி மணிக்கு மில்லிலிட்டர். ஆர்டரின் மொழி வேறு. ஒரு நேரத்தில் ஓர் அலகை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி.

```
5 mcg/kg/min × 10 kg = 50 mcg/min
50 mcg/min × 60 min/hr = 3000 mcg/hr
3000 mcg/hr ÷ 1000 mcg/mg = 3 mg/hr
60 mg / 50 mL = 1.2 mg/mL
3 mg/hr ÷ 1.2 mg/mL = 2.5 mL/hr
```

எடையை மறந்தவருக்கு 0.25. அறுபதை மறந்தவருக்கு 0.04, அது உண்மையில் நிமிடத்துக்கான மில்லிலிட்டர். ஆயிரத்தை மறந்தவருக்கு 2500. ஐம்பது மில்லி சிரிஞ்ச் இருக்கும் பம்ப்பில் மணிக்கு இரண்டரை லிட்டர்! இப்படி ஒரு விடையைக் குறிப்பவர் இருப்பாரா என்று கேட்காதீர்கள், நேரம் தீரும்போது குறிப்பவர் இருப்பார்.

மைக்ரோகிராமைக் கையால் எழுதும்போது மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போடும் பழக்கம் பழைய வார்டு குறிப்புகளில் உண்டு. வேகமாக எழுதினால் அது மில்லிகிராமின் எழுத்தைப் போலவே தெரியும். தவறு பத்து மடங்கோடு நிற்காது, ஆயிரம் மடங்கு. அதனால் மைக்ரோகிராமை மேலே எழுதியிருப்பதுபோல் மூன்று எழுத்துச் சுருக்கமாகவோ முழுச் சொல்லாகவோ எழுத வேண்டும் என்பது இன்று பொதுவான விதி. தேர்வில் இதுவே ஒரு கேள்வியாகவும் வரலாம்.

இந்தக் கணக்கைச் சரிபார்க்கக் குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ஒரு பழைய குறுக்குவழி இருக்கிறது, ஆறு விதி என்பார்கள். எடையை ஆறால் பெருக்கி, அத்தனை மி.கி.யை 100 மில்லியில் கலந்தால், மணிக்கு ஒரு மில்லி ஓடும்போது கிலோவுக்கு நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராம் போகும். நம் குழந்தைக்கு ஆறு பத்து அறுபது மி.கி., 100 மில்லியில். கேள்வியில் அதே 60 மி.கி. 50 மில்லியிலேயே இருக்கிறது, அதாவது இரட்டிப்பு அடர்த்தி. ஆகவே மணிக்கு ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராம், 5 வேண்டுமானால் 2.5 மில்லி. விடை ஒத்துப்போகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி அடர்த்தியில் கலக்கும் இந்த முறையைக் கைவிட்டு, எல்லோருக்கும் ஒரே நிலையான அடர்த்தி என்று பல மருத்துவமனைகள் மாறிவிட்டன, கலக்கும்போது பிழை நேர்வதே காரணம். அதனால் இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கலக்கும் பகுதியைக் கேள்வியாகக் கேட்பதும் உண்டு. டோபமைன் ஆம்பியூலில் 5 மில்லியில் 200 மி.கி., மில்லிக்கு 40. 60 மி.கி. என்றால் 1.5 மில்லி மருந்து. மொத்தம் 50 மில்லி ஆக வேண்டும் என்பதால் சேர்க்க வேண்டியது 48.5 மில்லி. ஐம்பது மில்லி சலைன் எடுத்து அதன் மேல் 1.5 விட்டால் மொத்தம் 51.5 ஆகிவிடும்.

எடை கொடுத்திருந்தாலும் பெருக்கக் கூடாத கேள்வி

கேள்வியில் எடை இருந்தால் உடனே பெருக்கும் கைக்கு ஒரு பொறி உண்டு. பாம்பு கடித்த 18 கிலோ குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறிவு மருந்தின் தொடக்க அளவு ஒன்றே. உள்ளே போன விஷத்தை முறிக்கவே மருந்து, பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. எடைக்கு ஏற்றபடி குறைத்த விடை பட்டியலில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

எடை அதிகமாக இருக்கும்போதும் கவனம் தேவை. கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால் என்பதை 80 கிலோ இளைஞருக்குப் பெருக்கினால் 1,200 மி.கி. வரும். ஆனால் பெரியவருக்கு வாய்வழி ஒரு வேளை உச்ச அளவு 1 கிராம். பெருக்கிய எண் பெரியவர் அளவைத் தாண்டினால், உச்ச அளவே விடை.

பவுண்டில் ஒரு கேள்வி

நார்க்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகிய இரண்டு கேரள அரசு நிறுவனங்களும் நர்ஸ்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. வெளிநாட்டு வேலைக்கான தேர்வுகளுக்குப் பதிவு செய்பவர்கள் அமெரிக்கப் பாணிக் கேள்விகளையும் பயிற்சி செய்கிறார்கள். அவற்றில் எடை பவுண்டில் வரும். ஒரு கிலோ 2.2 பவுண்டு. கிலோவில் வரும் எண் எப்போதும் பவுண்டு எண்ணில் பாதிக்கும் குறைவு, இதை மட்டும் மறக்காமல் இருந்தால் வகுப்பதற்குப் பதில் பெருக்கமாட்டீர்கள்.

33 பவுண்டு எடையுள்ள குழந்தைக்கு செஃப்ட்ரியாக்சோன் கிலோவுக்கு 50 மி.கி., நாளுக்கு ஒருமுறை. 1 கிராம் தூள் உள்ள மருந்துக்குப்பியில் 9.6 மி.லி. கரைப்பான் சேர்த்தால் மில்லிக்கு 100 மி.கி. வரும் என்று லேபிள் சொல்கிறது. எத்தனை மி.லி. எடுக்க வேண்டும்? விடைகள்: 7.2, 7.5, 16.5, 36.3.

```
33 lb ÷ 2.2 lb/kg = 15 kg
50 mg/kg × 15 kg = 750 mg
750 mg ÷ 100 mg/mL = 7.5 mL
```

பவுண்டை மாற்றாமலே 50-ஆல் பெருக்கியவருக்கு 16.5. வகுப்பதற்குப் பதில் பெருக்கி 72.6 கிலோ என்று எடுத்துக்கொண்டவருக்கு 36.3; அதற்கு நான்கு குப்பி உடைக்க வேண்டும். இந்த இரண்டும் உத்தேச மதிப்பீட்டிலேயே விழுந்துவிடும், ஏனென்றால் 750 மி.கி. என்பது ஒரு குப்பியில் முக்கால் பங்குதான்.

7.2 அப்படி விழாது. 1 கிராம் 9.6 மில்லியில் இருப்பதாக நினைத்து, அதில் முக்கால் பங்கு எடுத்தவரின் விடை அது. தூளும் இடம் பிடிக்கிறது. 9.6 மில்லி ஊற்றினால் குப்பியில் மொத்தம் சுமார் 10 மில்லி திரவம் இருக்கும். 7.2 மில்லியில் இருப்பது 720 மி.கி., கிலோவுக்கு 48. ஐம்பதுக்கும் நாற்பத்தெட்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் உத்தேச மதிப்பீடு இதைக் கண்டுகொள்ளாது, அலகுகளும் ஒழுங்காகவே அடிபடும். இங்கே வகுக்க வேண்டிய எண் லேபிள் சொல்லும் கரைந்தபின் அடர்த்தியான 100. 9.6 என்பது குப்பிக்குள் ஊற்றும் வேலைக்கு மட்டும், கணக்கில் அதற்கு இடம் இல்லை.